நான்கு மணி நேரத்தைத் தாண்டும் வலிமிகுந்த விறைப்பு

கேள்வி: எனக்கு வயது 38. தூக்கமின்மைக்காக இரண்டு மாதங்களாக இரவில் டிரசோடோன் 100 மி.கி. மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். சென்ற மாதம் இரண்டு முறை நள்ளிரவில் விழிப்பு வந்தபோது, எந்தப் பாலுணர்வும் இல்லாமலேயே ஆணுறுப்பு கல் போல விறைத்து வலித்தது. முதல் முறை ஒரு மணி நேரத்திலும், இரண்டாம் முறை ஏறக்குறைய மூன்று மணி நேரத்திலும் தானாக அடங்கியது. சுயஇன்பம் செய்து பார்த்தும் பயனில்லை. யாரிடமும் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. மறுபடியும் வந்தால் எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்?

பதில்: இன்று இரவு அந்த மாத்திரையைப் போட்டுக்கொள்ள வேண்டாம். அதை எழுதிக்கொடுத்த மருத்துவரை இன்றே தொடர்புகொண்டு, நீங்கள் இங்கே எழுதியதை அப்படியே சொல்லுங்கள். மறுபடியும் வந்தால், விறைப்பு தொடங்கி நான்கு மணி நேரம் ஆவதற்குள் நீங்கள் அவசர சிகிச்சைப் பிரிவில் இருக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை வந்திருப்பதாலும், இரண்டாவது முறை முதல் முறையைவிட நீண்டிருப்பதாலும், இரண்டு மணி நேரமாகியும் அடங்கவில்லை என்றால் வீட்டிலிருந்து கிளம்பிவிடுங்கள் என்றே நான் சொல்வேன். தூக்கத்தில் இயல்பாக ஏற்படும் விறைப்பு வலிக்காது. விழித்து எழுந்த சில நிமிடங்களில் தணிந்துவிடும். உங்களுக்கு வந்தது அதுவன்று. பிரியாப்பிசம் என்று மருத்துவத்தில் அழைக்கப்படும் நிலை உங்களுக்கு விட்டுவிட்டு வந்திருக்கிறது. இப்படி வந்து வந்து போவது, பல மணி நேரம் நீடிக்கும் ஒன்றுக்கு முன்னறிவிப்பாக அமைந்துவிடக்கூடும்.

தூக்க மாத்திரைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வியக்கலாம். ஆணுறுப்பின் உள்ளே நீளவாக்கில், பஞ்சு போன்ற திசுவாலான இரண்டு அறைகள் அருகருகே இருக்கின்றன. அவற்றின் சுவர்களில் உள்ள மென்தசைகள் தளரும்போது ரத்தம் உள்ளே பாய்ந்து நிரம்புகிறது. அந்த அழுத்தத்தில், ரத்தத்தை வெளியே கொண்டுசெல்லும் சிரைகள் நசுங்கி மூடிக்கொள்வதால் விறைப்பு நீடிக்கிறது. அது அடங்க வேண்டுமானால், நரம்பு முனைகளிலிருந்து சுரக்கும் நார்அட்ரினலின் அந்தத் தசைகளைத் தொட்டு மறுபடியும் சுருங்கச் செய்ய வேண்டும். டிரசோடோன், நார்அட்ரினலின் வந்து பற்றிக்கொள்ளும் ஆல்ஃபா ஏற்பிகளை அடைத்துவிடும் இயல்புடையது. பெரும்பாலானவர்களுக்கு இதனால் எதுவும் நேர்வதில்லை. அரிதாகச் சிலருக்கு மட்டும், விறைப்பை முடித்துவைக்கும் கட்டளை தசைகளைச் சென்றடையாமல் போகிறது. விறைப்பு நின்றுகொண்டிருப்பதற்குப் பாலுணர்வு காரணம் அன்று என்பதால்தான் சுயஇன்பத்தாலும் அது தணியவில்லை.

ரத்தம் உள்ளே போகவும் வழியின்றி, வெளியே வரவும் வழியின்றித் தேங்கி நிற்பதே ஆபத்தின் வேர். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் இறுக்கிக் கட்டிவிட்டு, மணிக்கணக்கில் அவிழ்க்காமல் விட்டால் அந்தக் கைக்கு என்ன ஆகுமோ, அதுதான் அந்த இரண்டு அறைகளுக்குள்ளும் நடக்கிறது. தேங்கிய ரத்தத்திலுள்ள ஆக்சிஜனைத் தசைகள் தீர்த்துவிடுகின்றன, கரியமில வாயு பெருகுகிறது, ரத்தம் அமிலமாகிறது. வலி இதிலிருந்துதான் பிறக்கிறது. நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் தசைத் திசுவில் மாற்றங்கள் தொடங்கிவிடுகின்றன. 12 மணி நேரத்தில் திசுக்களிடையே நீர் கோத்து வீங்குகிறது. 24 மணி நேரத்தில் ரத்த அறைகளின் உட்படலம் சிதைகிறது. 48 மணி நேரத்தில் தசைகள் பரவலாக மடிந்து, ரத்தம் உறைந்து, பின்னர் அந்த இடத்தில் தழும்புத் திசு வளர்கிறது. தழும்பு விரியாது. எனவே 36 மணி நேரத்துக்கு மேல் சிகிச்சையின்றிக் கிடந்தவருக்கு, பிறகு விறைப்பை அடக்கிவிட்டாலும், இயல்பான விறைப்பு மீண்டும் வருவது மிக அரிது.

காலம் கடக்கக் கடக்க இன்னொன்றும் நடக்கிறது. இதைப் பலரும் அறிந்திருப்பதில்லை. தசையைச் சுருங்கச் செய்ய நாங்கள் கொடுக்கும் மருந்துக்கு, அமிலத்தில் ஊறிய தசை சரியாகச் செவிசாய்ப்பதில்லை. ஐந்தாவது மணி நேரத்தில் ஓர் ஊசியில் முடிந்திருக்கக்கூடிய சிகிச்சை, மறுநாள் அறுவை அரங்கு வரை போவதற்கு இது முக்கியக் காரணம்.

சிகிச்சை எப்படி நடக்கும் என்பதை, உங்களைப் போலவே டிரசோடோன் எடுத்துக்கொண்டிருந்த, நாற்பது வயதைக் கடந்த ஒருவரின் நிலையை வைத்துச் சொல்கிறேன். அவருக்கு இரவு 11 மணியளவில் விறைப்பு தொடங்கியிருந்தது. மனைவியிடம் சொல்லவே விடியும் வரை தயங்கியிருந்த அவர், காலை ஏழரை மணிக்கு, கால்களை அகட்டி வைத்து நடந்து வந்தார். பரிசோதித்தபோது உறுப்பின் தண்டுப் பகுதி முழுவதும் மரக்கட்டை போல் இறுகியிருக்க, நுனி மொட்டு மட்டும் மென்மையாக இருந்தது. நுனியும் அடிப்புறத்தில் சிறுநீர்க் குழாயைச் சுற்றியுள்ள திசுவும் தனி ரத்த ஓட்டம் கொண்டவை என்பதால், ரத்தம் தேங்கும் வகைப் பிரியாப்பிசத்தில் அவை பொதுவாக மென்மையாகவே இருக்கும். இந்த ஒரு வேறுபாடே நோயை ஏறக்குறைய உறுதிப்படுத்திவிடுகிறது. சிறுநீர் கழிக்க முடிகிறதே, அப்படியென்றால் பெரிய சிக்கல் இல்லை என்று சிலர் எண்ணிக்கொள்வதும் தவறுதான்.

உறுப்பின் அடிப்பகுதியில் முதலில் மரத்துப்போகும் ஊசி போடப்பட்டது. இந்தக் கட்டத்தை நினைத்துத்தான் பலர் வரவே அஞ்சுகிறார்கள். ஆனால் அதன் பிறகு பெரும்பாலானோருக்கு அழுத்தம் தெரியுமே தவிர, கூர்மையான வலி தெரிவதில்லை. பின்னர் பக்கவாட்டிலிருந்து ஓர் ஊசியை உள்ளே செலுத்தி, சிரிஞ்சால் ரத்தம் இழுக்கப்பட்டது. வந்தது சிவப்பு ரத்தம் அன்று. கறுத்து, கெட்டியாக இருந்தது. அதில் ஒரு துளியைப் பரிசோதனைக்கு அனுப்பியபோது, ஆக்சிஜன் அழுத்தம் 30 மில்லிமீட்டர் பாதரசத்துக்கும் கீழே இருந்தது. தமனி ரத்தத்தில் அது 80-க்கு மேல் இருக்க வேண்டும். குறையக் குறைய அமிலம் கூடியதைக் காட்டும் பி.எச். அளவும் 7.25-க்குக் கீழே இறங்கியிருந்தது; இயல்பு 7.4. இரண்டு அறைகளும் இடையில் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால் ஒரு பக்கத்திலிருந்து எடுத்தாலே பெரும்பாலும் போதும். கறுத்த ரத்தம் வெளியேறி, சிவந்த ரத்தம் வரத் தொடங்கிய பிறகு, அதே ஊசி வழியாக பினைலெஃப்ரின் என்ற மருந்து 200 மைக்ரோகிராம் செலுத்தப்பட்டது. டிரசோடோன் எந்தக் கட்டளையைத் தடுத்திருந்ததோ, அதே கட்டளையை ஆல்ஃபா ஏற்பிகளுக்கு நேரடியாகக் கொடுக்கும் மருந்து அது. ஐந்து நிமிட இடைவெளியில் நான்கு முறை கொடுக்க வேண்டியிருந்தது. அது உடலில் கலந்தால் ரத்த அழுத்தம் உயர்ந்து, தலைவலி வரலாம், இதயத் துடிப்பு குறையலாம் என்பதால், அந்த நேரம் முழுவதும் ரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் கண்காணிக்கப்பட்டன. நான்காவது ஊசிக்குப் பின் உறுப்பு தளர்ந்தது. வீக்கம் சில நாட்கள் இருந்தது. ஓரிரு மாதங்களில் அவருக்கு விறைப்பு இயல்பாகத் திரும்பியது.

இரண்டாம் நாள் இரவு வந்து சேர்பவர்களின் கதை வேறு. பினைலெஃப்ரினை ஒரு மணி நேரம் வரை திரும்பத் திரும்பக் கொடுத்தும் அடங்கவில்லை என்றால், மயக்கம் கொடுத்து, நுனி மொட்டின் வழியாகத் துளையிட்டு, தேங்கிய ரத்தம் வடிவதற்கு வழி அமைக்க வேண்டியிருக்கிறது. வலி தீர்ந்துவிடும்; ஆனால் விறைப்புத் திறன் மீளும் என்று அவர்களிடம் உறுதி கூற முடிவதில்லை. சிலருக்கு, தழும்பு இறுகி உறுப்பு சுருங்குவதற்கு முன்பே செயற்கை விறைப்புக் கருவியை உள்ளே பொருத்துவது பற்றிப் பேசவேண்டி வருகிறது.

எல்லா நீடித்த விறைப்பும் இவ்வளவு அவசரமானது அன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். சைக்கிள் கம்பியில் விழுவது போல் தொடையிடுக்கில் அடிபட்டுத் தமனி கிழிந்தால், தூய ரத்தம் இடைவிடாமல் உள்ளே பாய்ந்து, பாதி விறைப்பு நாட்கணக்கில் நீடிக்கலாம். அது பெரும்பாலும் வலிக்காது. அங்கே ஆக்சிஜன் இருக்கிறது, எனவே திசு சாவதில்லை. ஆனால் எது எந்த வகை என்பதை வீட்டில் இருந்தபடி முடிவு செய்யாதீர்கள்.

விறைப்பு வந்த முதல் ஒரு மணி நேரத்தில் சிறுநீர் கழிப்பதாலும், நடப்பதாலும், படி ஏறி இறங்குவதாலும் கெடுதல் இல்லை. சிலருக்கு அது அடங்கியும் இருக்கிறது. பனிக்கட்டியை நேரடியாக வைக்காதீர்கள்: தோல் புண்ணாகும், சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளையும் அரிவாள் செல் ரத்தசோகை உள்ளவருக்கு அது நோயையே கூட்டிவிடும். மதுவும், நண்பர் கொடுத்த மூக்கடைப்பு மாத்திரையும் வேண்டாம்.

இனி, இந்த வாரம் செய்ய வேண்டியவை. டிரசோடோனுக்கு மாற்றாக எதைத் தருவது என்பதை அதை எழுதிக்கொடுத்த மருத்துவர் முடிவு செய்வார். குளோர்புரோமசின், ரிஸ்பெரிடோன், ஓலான்சபின் முதலிய வேறு சில மனநல மருந்துகளும், ரத்த அழுத்தத்துக்கான பிரசோசினும் இதே ஏற்பிகளை அடைப்பவை என்பதால், அவர் அதை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். வேறு மனநல மருந்து ஏதேனும் எடுத்துக்கொண்டிருந்தால் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். யூராலஜி மருத்துவர் ஒருவரையும் பாருங்கள். மருந்துதான் காரணம் என்று தோன்றினாலும், ரத்த அணுக்களின் எண்ணிக்கையும் அரிவாள் செல் பரிசோதனையும் ஒருமுறை பார்க்கப்பட வேண்டும். வெள்ளணுக்கள் மிகப் பெருகும் ரத்தப் புற்றுநோய் சில வேளைகளில் இப்படித்தான் முதலில் வெளிப்படுகிறது.

கூச்சத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் வரவேற்பு மேசையில் உள்ளவரிடம் விளக்கம் எதுவும் தர வேண்டியதில்லை. "பிரியாப்பிசம், இத்தனை மணிக்குத் தொடங்கியது, யூராலஜி மருத்துவரை அழைக்க வேண்டும்" என்ற அளவில் ஒரு துண்டுத் தாளில் எழுதி நீட்டினால் போதும். கூடவே மாத்திரை அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். வலியை மட்டும் சொல்லி வரிசையில் உட்கார்ந்துவிடாதீர்கள். தொடங்கிய நேரத்தைச் சொன்னால்தான் உங்களை முன்னதாக அழைப்பார்கள்.