தண்ணீர் ஒன்று, பி.பி.எம். மூன்று

கேள்வி: தக்காளிக்குச் சொட்டுநீர் போடப்போகிறேன், ஐயா. போர் தண்ணீரில் என் பேனா மீட்டர் 1010 பி.பி.எம். காட்டுகிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் தன் பேனாவை அதே வாளியில் விட்டால் 1410. ஆய்வக அறிக்கையில் இ.சி. 2.02, டி.டி.எஸ். 1340, சல்பேட் 520, குளோரைடு 250 என்று இருக்கிறது. மதியம் மேல்தொட்டித் தண்ணீரைப் பழைய மீட்டரில் பார்த்தேன், இ.சி. 2500 வந்தது, தண்ணீர் 38 டிகிரி சூடு. எதை நம்பிப் பயிர் வைப்பது?

பதில்: எந்த மீட்டரும் பொய் சொல்லவில்லை. பேனா மீட்டருக்கு உப்பை எடைபோடத் தெரியாது. தண்ணீர் எவ்வளவு சுலபமாக மின்சாரத்தைக் கடத்துகிறது என்பதை மட்டும்தான் அது அளக்கிறது. அதுதான் இ.சி., அதாவது மின்கடத்துதிறன். அந்த எண்ணை உள்ளுக்குள் ஒரு பெருக்கெண்ணால் பெருக்கி, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் உப்பு என்ற பொருளில் பி.பி.எம். என்று திரையில் போடுகிறது. அந்தப் பெருக்கெண் பேனாவுக்குப் பேனா மாறும்.

உங்கள் எண்களையே பாருங்கள். இ.சி. 2.02 டெசி சீமன்ஸ்/மீ. என்றால் 2020 மைக்ரோ சீமன்ஸ்/செ.மீ. அதை 0.5-ஆல் பெருக்கினால் 1010, 0.7-ஆல் பெருக்கினால் 1414. ஆக, உங்கள் பேனா 0.5 போடுகிறது, பக்கத்துக்காரருடையது 0.7 போடுகிறது. இரண்டும் அளந்தது ஒரே இ.சி.யைத்தான், அதுவும் ஆய்வகம் சொன்ன அதே இ.சி.யை. இரண்டு பேனாவுமே நல்ல நிலையில் இருக்கின்றன என்பதற்கு இதுவே சாட்சி.

இந்த இரண்டு பெருக்கெண்ணும் எங்கிருந்து வந்தன? வெறும் சமையல் உப்பைக் கரைத்த தண்ணீரில் லிட்டருக்கு 1 கிராம் உப்பு இருந்தால் இ.சி. ஏறத்தாழ 2000 வரும். அதிலிருந்து வந்தது 0.5. சோடியம் பைகார்பனேட் 40 பங்கு, சோடியம் சல்பேட் 40 பங்கு, சமையல் உப்பு 20 பங்கு என்று கலந்த ஒரு கரைசலை இயற்கை நீருக்கு ஈடாக வைத்துக்கொண்டு அளவு குறித்த மீட்டர்களில் பெருக்கெண் 0.7-ஐ ஒட்டி இருக்கும். உங்கள் போர் இந்த இரண்டில் எதுவும் இல்லை, அதனால் இரண்டு பி.பி.எம். எண்ணும் உங்களுக்குச் சொந்தமில்லை.

வாங்கிய பேனாவின் பெருக்கெண் தெரியாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. மீட்டர் சரிபார்க்க 1413 மைக்ரோ சீமன்ஸ் கரைசல் விற்கிறார்கள். அதில் பேனாவை விட்டு பி.பி.எம். பாருங்கள். 706 பக்கம் காட்டினால் பெருக்கெண் 0.5, 904 என்றால் 0.64, 990 என்றால் 0.7. பேனாவில் இ.சி. காட்டும் வசதி இருந்தால் இந்த வேலையே வேண்டாம், நேராக அதையே பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

இது தக்காளிக்கு ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். பயிர் எவ்வளவு உப்பைத் தாங்கும் என்ற அட்டவணைகள் எல்லாம் இ.சி.யில்தான் இருக்கின்றன. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் பாசனநீர் வழிகாட்டியில் தக்காளிக்குப் பாசனநீர் இ.சி. 1.7 வரை மகசூல் குறையாது, 2.3-இல் பத்து சதவீதம் குறையும் என்று இருக்கிறது. வேரடி உப்பு கழுவிப்போகிற அளவுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் விடுகிறோம் என்ற கணக்கில் சொன்னது அது. பலரும் பி.பி.எம்.-ஐ 640-ஆல் வகுத்து இ.சி. எடுக்கிறார்கள். உங்கள் 1010-ஐ அப்படி வகுத்தால் 1.58 வரும், தக்காளிக்குக் கவலையே இல்லை என்று தோன்றும். 1410-ஐ வகுத்தால் 2.2 வரும், பத்து சதவீதம் போய்விடுமோ என்று பயம் வரும். உண்மை 2.02. அதாவது ஏறக்குறைய ஐந்து சதவீத இழப்பு. அதே வாளித் தண்ணீர்தான், பெருக்கெண்ணை மாற்றிப் போட்டதால் முடிவு இப்படி ஆடுகிறது. பேனா எந்த எண்ணால் பெருக்கியதோ அதே எண்ணால்தான் திரும்ப வகுக்க வேண்டும். 1010-ஐ 0.5-ஆல் வகுங்கள், 2020 தானாக வந்து நிற்கும்.

சரி, உப்பின் எடை தெரிய வேண்டுமென்றால்? நிலத்தில் எவ்வளவு உப்பு சேர்கிறது என்று கணக்குப் போட அது வேண்டும்தான். அங்கேதான் ஆய்வக அறிக்கை கைகொடுக்கும், ஆனால் ஒரு நிபந்தனை. டி.டி.எஸ். என்றால் தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பு. அந்த 1340 என்பது தண்ணீரை வடிகட்டி, வற்றவைத்து, 180 டிகிரியில் உலர்த்தி, மிஞ்சிய உப்பை எடைபோட்டு வந்ததா, இல்லை அவர்களும் இ.சி.யைப் பெருக்கித்தான் போட்டார்களா என்று கேளுங்கள். கேட்காமலும் ஓரளவு கண்டுபிடிக்கலாம். டி.டி.எஸ்.-ஐ இ.சி.யால் வகுத்துப் பாருங்கள். அதே இடத்திலிருந்து வந்த நாலைந்து அறிக்கைகளில் ஒவ்வொன்றிலும் அச்சு அசலாக 640 என்றே வந்தால், யாரும் எதையும் எடைபோடவில்லை என்று அர்த்தம். உங்களுடையது 1340 ÷ 2.02 = 663. அந்த 640-இல் அப்படியே விழாததால் எடைபோட்டிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன், இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எடைபோட்டது உறுதியானால், இப்போதைக்கு உங்கள் போரின் சொந்தப் பெருக்கெண் 0.66.

அறிக்கையில் இருக்கும் சல்பேட்டும் இதோடு ஒத்துப்போகிறது. குளோரைடைப் போல இரண்டு மடங்கு எடை சல்பேட் இருக்கிறது. கால்சியமும் சல்பேட்டும் தண்ணீரில் கொஞ்சம் ஜோடி சேர்ந்துகொள்ளும். அப்படிச் சேர்ந்த ஜோடிக்கு மின்னேற்றம் இல்லை, மின்சாரத்தைக் கடத்தாது, ஆனால் எடை இருக்கும். அதனால் சல்பேட் கூடக் கூட பெருக்கெண் ஏறும். ஜிப்சம் படிவம் வழியாக வருகிற தண்ணீரில் அது 0.9-ஐக்கூட நெருங்கலாம். பைகார்பனேட் நிறைந்த தண்ணீரில் கதை தலைகீழ். உலர்த்தும்போது பைகார்பனேட்டின் எடையில் ஏறக்குறைய பாதி, கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் பறந்துவிடும், மிஞ்சிய எடை குறைவாக வரும், பெருக்கெண்ணும் 0.6-க்குக் கீழே இறங்கலாம். பெரும்பாலான கிணறுகள் 0.55-க்கும் 0.75-க்கும் நடுவில்தான் விழும். ஆய்வக எண் கையில் இல்லாதவர்களுக்கு 0.64 நல்ல இடைநிலை. இ.சி. 5-ஐத் தாண்டிவிட்டால் 0.8 போடுவது வழக்கம், ஏனென்றால் உப்பு நெருக்கமாகும்போது அயனிகள் ஒன்றை ஒன்று தடுத்து, உப்பின் எடைக்கு ஏற்ற மின்சாரம் ஓடாது.

இனி உங்கள் பேனா எண்ணை 1.32-ஆல் பெருக்கினால் (0.66-ஐ 0.5-ஆல் வகுத்த எண் அது) 1333 கிடைக்கும். ஆய்வகத்தின் 1340-க்கு அருகில் வந்துவிட்டோம். ஒரு ஹெக்டேருக்குப் பருவம் முழுக்க 500 மில்லிமீட்டர் பாசனம் என்று வையுங்கள். அது 5000 கன மீட்டர் தண்ணீர், கன மீட்டருக்கு 1.34 கிலோ உப்பு, மொத்தம் 6.7 டன் உப்பு நிலத்துக்குள் போகிறது. 1010-ஐ அப்படியே நம்பியிருந்தால் 5 டன் என்று எழுதியிருப்பீர்கள்.

அப்புறம் அந்த 2500. இது பெருக்கெண் விவகாரம் இல்லை, சூட்டு விவகாரம். தண்ணீர் சூடானால் இளகுகிறது, அயனிகள் வேகமாக ஓடுகின்றன, ஒவ்வொரு டிகிரிக்கும் கடத்துதிறன் ஏறத்தாழ 2 சதவீதம் கூடுகிறது. உப்பு ஒரு சிட்டிகைகூடக் கூடவில்லை. அதனால்தான் எல்லாரும் 25 டிகிரிக்கு மாற்றித்தான் இ.சி. சொல்கிறார்கள். கணக்கு இவ்வளவுதான்:

```
EC25 = ECt / (1 + 0.02 × (t − 25))
2500 / (1 + 0.02 × 13) = 2500 / 1.26 = 1984
```

2020-க்கும் 1984-க்கும் வித்தியாசம் 2 சதவீதத்துக்குள். பழைய மீட்டருக்கு இது நல்ல எண். அந்த 2 சதவீதம் என்பதே ஒரு சராசரிதான், தண்ணீரின் உப்புக் கலவையைப் பொறுத்து 1.9 முதல் 2.2 வரை இருக்கும். 25-ஐ விட்டு எவ்வளவு தூரம் போகிறீர்களோ அவ்வளவு பிசகு சேரும். தொட்டி வெயிலில் காயும்போது கொஞ்சம் சுண்ணாம்பும் படிந்துவிடும், அதனாலும் தொட்டி எண் போர் எண்ணைவிட இறங்கலாம். ஆகவே மோட்டாரைப் போட்டுச் சிறிது நேரம் ஓடவிட்டு, வாயிலேயே பிடித்து, நிழலில் வைத்து அளப்பதுதான் என் பழக்கம்.

இங்கே நான் ஒரு கோடை முழுக்க ஏமாந்ததைச் சொல்ல வேண்டும். என் பேனா தானே சூட்டைச் சரிசெய்து 25 டிகிரிக்கு மாற்றிக் காட்டும் வகை, மேலே ஏ.டி.சி. என்று அச்சிட்டே இருந்தது. நான் அதைக் கவனிக்காமல், தண்ணீர் 35 டிகிரியில் இருக்கும்போதெல்லாம் திரையில் வந்த எண்ணை 1.2-ஆல் வகுத்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டு முறை சரிசெய்ததால் ஒவ்வொரு எண்ணும் ஆறில் ஒரு பங்கு குறைவு. தண்ணீர் நல்லாகிக்கொண்டு வருகிறது என்று சந்தோஷப்பட்டது வேறு! இலை ஓரம் கருகிய பிறகுதான் நோட்டை மறுபடி புரட்டினேன்.

உங்கள் பேனா எந்த வகை என்று பார்ப்பது எளிது. ஒரே தண்ணீரை இரண்டு டம்ளரில் பிடியுங்கள். ஒன்றை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துப் பத்துப் பன்னிரண்டு டிகிரி சூடேற்றுங்கள். அடுப்பில் நேராக வைக்காதீர்கள், ஆவியானால் உப்பு கூடிவிடும். இரண்டிலும் பேனாவை விட்டு, ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். இரண்டும் ஒட்டி நின்றால் பேனா தானே சரிசெய்கிறது, நீங்கள் சூத்திரத்தைத் தொடக்கூடாது. சூடானதில் இருபது சதவீதம் கூடத் தெரிந்தால் சூத்திரம் உங்கள் வேலை. அந்த ஒரு நிமிடப் பொறுமை முக்கியம், ஏனென்றால் வெயிலில் கிடந்த பேனாவைத் தண்ணீரில் விட்டவுடன் உள்ளிருக்கும் வெப்ப உணரி இன்னும் பேனாவின் சூட்டையே தண்ணீரின் சூடு என்று நினைத்துக்கொண்டிருக்கும், எண் குறைத்துக் காட்டும்.

இந்த 0.66 நிரந்தரம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். நல்ல மழைக்குப் பிறகு போரில் இ.சி. மட்டும் இறங்கினால் பரவாயில்லை, சல்பேட்–குளோரைடு விகிதமும் மாறியிருந்தால் பெருக்கெண்ணும் மாறும், அப்போது ஒருமுறை ஆய்வகத்துக்கு அனுப்பிப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். உரம் கலந்த சொட்டுநீரிலும் இந்த எண்ணைப் போடாதீர்கள். முக்கியமாக யூரியா மின்சாரத்தைக் கடத்தாது, தொட்டியில் எத்தனை கிலோ கரைத்தாலும் பேனா அதைப் பார்க்காது.