செக்அவுட் நடுவில் செஷன் போனால், பேக் அழுத்தினால், விலை மாறினால்: எப்படி டெஸ்ட் செய்வது?

கேள்வி: எங்கள் ஷாப்பிங் சைட்டில் கார்ட், முகவரி, டெலிவரி, பேமெண்ட் என்று நாலு படி செக்அவுட். செஷன் காலாவதி, பேக் பட்டன், நடுவில் விலை மாறுவது மூன்றையும் ஒவ்வொரு படிக்கும் எழுதப் போனால் டெஸ்ட் கேஸ் எண்பதைத் தாண்டுகிறது. நீங்கள் எல்லாம் எப்படிச் செய்கிறீர்கள்?

பதில்:

நானும் ஒரு காலத்தில் அந்த எண்பதை எழுதியவன்தான். எக்செல் ஷீட் முழுக்கப் பச்சையாக இருந்தது. ரிலீஸ் ஆன மூன்றாம் நாள் ஒரு ஆர்டர் வந்தது. அதில் பொருளே இல்லை, டெலிவரி சார்ஜ் 40 ரூபாய் மட்டும், பணமும் கட்டியாகிவிட்டது. கிடங்கிலிருந்து போன்: “சார், இதுல எதைப் பேக் பண்ணி அனுப்பறது?”

அதற்கப்புறம் படிகளை எண்ணுவதை விட்டுவிட்டேன். ஒரே தொகை எத்தனை இடத்தில் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்கிறேன். பெரும்பாலும் மூன்று இடம்: வாடிக்கையாளரின் திரை, நம் சர்வரில் உள்ள கார்ட், பேமெண்ட் கேட்வேயில் நாம் உருவாக்கிய ஆர்டர். நீங்கள் கேட்ட மூன்றும் இவற்றில் ஏதோ ஒன்றைப் பழசாக்கும் வழிகள். ஆகவே, ஒன்றை வேண்டுமென்றே பழசாக்கி, அடுத்த பட்டனை அழுத்தி, மூன்று இடத்திலும் என்ன தொகை நிற்கிறது என்று பார்ப்பதுதான் டெஸ்ட். எண்பது கேஸ் பத்துப் பன்னிரண்டாகச் சுருங்கும்.

அந்த 40 ரூபாய்க் கதையிலிருந்தே தொடங்குகிறேன். வாடிக்கையாளர் 1,840 ரூபாய் கட்டி ஆர்டர் போட்டிருக்கிறார். நன்றிப் பக்கம் வந்ததும் பேக் அழுத்தியிருக்கிறார். பேமெண்ட் பக்கம் அதே 1,840-உடன், அதே பட்டனுடன் திரும்பி வந்தது. பணம் போகவில்லையோ என்று மறுபடி அழுத்தினார். சர்வரில் அதற்குள் கார்ட் காலி. காலி கார்ட்டுக்குக் கூட்டல் போட்ட சர்வர் 0 + 40 என்று கணக்குச் சொல்லியது. கேட்வே ஜன்னலில் 40 என்று வந்ததை அவர் கவனிக்காமலே கட்டிவிட்டார்.

இதில் என்னை உறுத்தியது, எங்கள் ஆட்டோமேஷனில் பேக் பட்டன் டெஸ்ட் இருந்தது, அது பாஸும் ஆனது என்பதுதான். காரணம் இது. இன்றைய பிரவுசர்கள் பேக் அழுத்தினால் பக்கத்தைச் சர்வரிடம் மறுபடி கேட்காமல், விட்ட நிலையிலேயே நினைவகத்திலிருந்து எடுத்துக் காட்டும். ஜாவாஸ்கிரிப்ட் மாறிகள்கூட அப்படியே உயிரோடு இருக்கும். ஆனால் எங்கள் டெஸ்டுகளை ஓட்டும் பிளேரைட், குரோமியத்தைத் திறக்கும்போது இந்த வசதியை அணைத்துவிட்டுத்தான் திறக்கிறது. அதனால் டெஸ்டில் பேக் அழுத்தினால் பக்கம் புதிதாக லோட் ஆகும், சர்வர் “கார்ட் காலி” என்று சரியாகச் சொல்லும், டெஸ்ட் பாஸ் ஆகும். வாடிக்கையாளரின் போனில் நடப்பது வேறு. அந்த அணைப்பை நீக்கலாம்:

```
chromium.launch({
  ignoreDefaultArgs: ['--disable-back-forward-cache']
})
```

ஆனால் இந்த ஒரு டெஸ்டை நான் இன்றும் கையால், நிஜ போனில்தான் செய்கிறேன். குரோமின் டெவ்டூல்ஸில் `Application` தாவலில் `Back/forward cache` என்று ஒரு பகுதி உண்டு. அங்கே டெஸ்டை ஓட்டினால், உங்கள் பக்கம் நினைவகத்திலிருந்து திரும்பி வரக்கூடியதா, இல்லையென்றால் எது தடுக்கிறது என்று சொல்லும். வரக்கூடியது என்றால் டெவலப்பரிடம் கேட்க வேண்டியது இவ்வளவுதான்:

```
window.addEventListener('pageshow', (e) => {
  if (e.persisted) location.reload();
});
```

இது திரையை மட்டும் சரிசெய்யும். சர்வர் சரியா என்று தெரிய, கடைசி பட்டன் அனுப்பும் ரிக்வெஸ்டை `Network` தாவலில் `Copy as cURL` போட்டு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் முடிந்தபின் டெர்மினலில் அதையே ஒட்டி ஓட்டுங்கள். “இந்த ஆர்டர் ஏற்கெனவே முடிந்தது” என்று பழைய ஆர்டர் எண்ணையே தந்தால் நல்லது. புது ஆர்டர் எண் வந்தால் பக். இரண்டு டேபில் ஒரே கார்ட்டைத் திறந்து வைப்பதற்கும் இந்த டெஸ்டே போதும், தனியாக எழுத வேண்டாம்.

செஷனுக்கு வருவோம். முப்பது நிமிடம் காத்திருந்து டெஸ்ட் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பாவமாக இருக்கும். பலர் குக்கியை அழித்துவிட்டு “செஷன் போய்விட்டது” என்று எழுதுவார்கள். அது வேறு நிலை. குக்கியே இல்லாதவர் சர்வருக்குப் புது ஆள். காலாவதி ஆனவரிடம் பல நேரம் குக்கி இருக்கும், சர்வரில் பதிவுதான் இருக்காது. எக்ஸ்பிரஸ் சர்வர் ரெடிஸில் செஷன் வைத்திருந்தால், பேமெண்ட் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பதிவை மட்டும் நீக்குங்கள்:

```
redis-cli DEL sess:<session-id>
```

இப்போது பட்டனை அழுத்திவிட்டு `Network` தாவலைப் பாருங்கள். அடிக்கடி தென்படும் பக் இது: சர்வர் லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிடும், பின்னணியில் போன ரிக்வெஸ்ட் அதைத் தொடர்ந்து போய் லாகின் பக்கத்தின் எச்டிஎம்எல்லை வாங்கி வரும். ஸ்டேட்டஸ் 200 என்று இருக்கும், ஆனால் `Content-Type` `text/html`. ஜேசானை எதிர்பார்த்த கோடு `Unexpected token '<'` என்று கன்சோலில் விழுந்து கிடக்கும். வாடிக்கையாளர் பார்ப்பது சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு வட்டம் மட்டும். சர்வர் 401 அனுப்ப வேண்டும், திரை லாகின் கேட்க வேண்டும், லாகின் ஆனபின் முகவரியும் கார்ட்டும் அப்படியே இருக்க வேண்டும். கார்ட்டில் எண்ணிக்கையையும் பாருங்கள். விருந்தினர் கார்ட்டையும் கணக்கின் கார்ட்டையும் சேர்க்கும் கோடு ஒன்றை இரண்டாக்கிவிடுவது சகஜம்.

இதைவிட நயவஞ்சகமானது கேட்வேயிலிருந்து திரும்பும் இடம். சில கேட்வேகள் பணம் கட்டியபின் வாடிக்கையாளரை நம் சைட்டுக்கு `POST` மூலம் திருப்பி அனுப்பும். வேறு சைட்டிலிருந்து வரும் `POST`-க்கு, `SameSite=Lax` குக்கி வராது. குக்கியில் `SameSite` எதுவும் போடவில்லை என்றாலும் குரோம் அதை `Lax` ஆகவே எடுத்துக்கொள்ளும். ஆனால் அப்படி எதுவும் போடாத குக்கிக்கு ஒரு சலுகை உண்டு: குக்கி பிறந்து இரண்டு நிமிடத்துக்குள் என்றால் `POST`-உடன் அனுப்பிவிடும். இப்போது நம்மை யோசித்துப் பாருங்கள். லாகின் செய்து, மனப்பாடமான முகவரியை நிரப்பி, டெஸ்ட் கார்டு எண்ணை ஒட்டி, ஒன்றரை நிமிடத்தில் முடித்துவிடுவோம். பாஸ். வாடிக்கையாளர் ஓடிபி வரும்வரை காத்திருந்து நாலாவது நிமிடத்தில் திரும்புவார். பணம் போயிருக்கும், திரையில் “லாகின் செய்யவும்” என்று இருக்கும். “எனக்கு வரவில்லையே” என்று டெவலப்பர் சொல்லும் பக்களில் இது முக்கியமானது. லாகினுக்கும் பணம் கட்டுவதற்கும் நடுவில் மூன்று நிமிடம் சும்மா உட்கார்ந்திருங்கள், அவ்வளவுதான். திரும்பி வரும் பக்கம் செஷனை நம்பாமல் ஆர்டர் எண்ணையும் கேட்வேயின் கையொப்பத்தையும் வைத்து ஆர்டரை முடிக்க வேண்டும்.

விலை மாற்றத்தில் எல்லோரும் செய்யும் டெஸ்ட் ஒன்று: பேமெண்ட் பக்கத்தைத் திறந்து வைத்து, அட்மினில் விலையை ஏற்றி, பட்டனை அழுத்துவது. அதைச் செய்யுங்கள், பெரும்பாலும் பாஸ் ஆகும். அதைவிடச் சுவாரஸ்யமானது விலை இறங்குவது. 500 ரூபாய்க்கு மேல் டெலிவரி இலவசம், கீழே போனால் 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கார்ட்டில் 520 ரூபாய்க்கு ஒரு குக்கர் மூடி, டெலிவரி இலவசம், மொத்தம் 520. இப்போது அட்மினில் விலையை 480 ஆக்குங்கள். புதுக் கணக்கு 480 + 40, அதுவும் 520. “திரையில் இருந்த மொத்தமும் சர்வரின் மொத்தமும் ஒன்றா?” என்று மட்டும் ஒப்பிடும் கோடு எதுவும் மாறவில்லை என்று விட்டுவிடும். பில்லில் பொருளின் விலை வேறு, வரி வேறு, இலவசம் என்று காட்டிய டெலிவரிக்கு 40 ரூபாய் வேறு. வாடிக்கையாளர் கோபமாக மெயில் போடுவார், நியாயமும் அவர் பக்கம்தான். அதனால் மொத்தத்தை மட்டும் ஒப்பிடாமல், கார்ட்டுக்கு ஒரு பதிப்பு எண் கொடுத்து, பொருள், விலை, டெலிவரி என்று எது மாறினாலும் அந்த எண்ணை ஏற்றச் சொல்லுங்கள். திரையிலிருந்து வரும் எண் பழசாக இருந்தால் சர்வர் 409 தந்து, எது மாறியது என்று காட்ட வேண்டும். விலை இறங்கினால் கேட்காமலே குறைத்துக்கொள்ளலாமா என்பது வியாபாரத்தைப் பார்ப்பவர் எடுக்க வேண்டிய முடிவு. டெஸ்ட் எழுதும் முன்பே அவரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

கடைசியாக, பேக் பட்டனும் தொகையும் சேரும் இடம். நேரம் இல்லாவிட்டால் மற்றதை விட்டாலும் இதை விடமாட்டேன். 520 ரூபாய் கார்ட்டுடன் பேமெண்ட் பக்கம் வரை போங்கள். அந்த நேரத்தில் கேட்வேயில் 52000 பைசாவுக்கு ஓர் ஆர்டர் உருவாகியிருக்கும், அதன் எண் செஷனில் இருக்கும். பணம் கட்டாமல் பேக் அழுத்திக் கார்ட்டுக்கு வந்து எண்ணிக்கையை 2 ஆக்குங்கள், விலையைத் தொடாதீர்கள். மறுபடி பேமெண்ட் பக்கம் போனால் திரையில் 1,040 இருக்கும். பட்டனை அழுத்திக் கேட்வே ஜன்னலைப் பாருங்கள். செஷனில் இருந்த பழைய எண்ணையே மறுபடி பயன்படுத்தும் கோடு என்றால் அங்கே 520 என்றுதான் வரும். அதையே கட்டுங்கள். கையொப்பம் சரி, பணம் வந்தது உண்மை, சர்வர் ஆர்டரை “பணம் செலுத்தப்பட்டது” என்று குறித்துவிடும், இரண்டு மூடி பார்சலாகக் கிளம்பும். எனக்கு இது மூன்று வெவ்வேறு புராஜெக்டில் கிடைத்திருக்கிறது. மூன்றிலும் கையொப்பத்தைச் சரிபார்க்கும் கோடு பக்காவாக இருந்தது, வந்த தொகையை ஆர்டரின் தொகையோடு ஒப்பிடும் ஒரு வரி மட்டும் இல்லை. பக் ரிப்போர்ட்டில் திரை 1,040, டேட்டாபேஸ் 1,040, கேட்வே டாஷ்போர்டு 520 என்று மூன்று ஸ்கிரீன்ஷாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். “இது எட்ஜ் கேஸ், அடுத்த ஸ்பிரிண்டில் பார்க்கலாம்” என்று யாரும் சொல்லவில்லை.