விலை சரியும்போது மாட்டிக்கொள்ளும் பொசிஷன்

"பிட்காயின் ஃபியூச்சர்ஸில் விலை சட்டென்று சரிந்தபோது ஆப் உறைந்துவிட்டது. ஸ்டாப் போட்டிருந்தும் நிறைவேறவில்லை. அடுத்த முறை மாட்டாமல் இருக்க என்ன செய்வது?"

பெரும்பாலும் நீங்கள் போட்டது ஸ்டாப்-லிமிட்டாக இருக்கும். 60,000 டாலரில் தூண்டல், 59,900-இல் லிமிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை 60,050-இலிருந்து நேராக 59,400-க்குப் பாய்ந்தால் ஆர்டர் தூண்டப்படும், ஆனால் 59,900 கொடுத்து வாங்க ஆளில்லை. ஆர்டர் திறந்தபடியே கிடக்கும், நஷ்டம் வளரும். தப்பிக்கத்தான் ஸ்டாப் என்றால், தூண்டப்பட்டதும் கிடைக்கிற விலைக்கே விற்றுவிடும் ஸ்டாப்-மார்க்கெட் போடுங்கள். விலை மோசமாகக் கிடைக்கலாம், ஆனால் வெளியே வந்துவிடுவீர்கள். பொசிஷன் திறந்த கையோடு போட்டுவிடுங்கள். ஆர்டர் எக்ஸ்சேஞ்சின் சர்வரில் இருந்தால் உங்கள் ஆப் உறைந்தாலும் அது வேலை செய்யும்.

அப்புறம், பதில் வரவில்லையே என்று விற்கும் பொத்தானை மூன்று முறை அழுத்தாதீர்கள். நெரிசல் தீர்ந்ததும் மூன்றுமே நிறைவேறி, விலை ஏறும் என்று எடுத்த லாங் போய், இறங்கினால் லாபம் தரும் ஷார்ட்டில் நிற்பீர்கள். Reduce-Only தேர்ந்தெடுத்திருந்தால் பொசிஷனை மூடுவதற்கு மேல் போகாது.

வாங்கும், விற்கும் ஆர்டர்களை இணைக்கும் எக்ஸ்சேஞ்சின் மேட்சிங் எஞ்சினே நின்றுவிட்டால் எந்த ஸ்டாப்பும் உதவாது. அதற்கு வேறொரு எக்ஸ்சேஞ்சில் முன்கூட்டியே பணம் போட்டு வைத்து, அதே அளவு ஷார்ட் எடுக்கலாம். சரிவு நேரத்தில் பணத்தை மாற்றப் போனால் தாமதமாகிவிடும். ஒன்று கவனம்: இரண்டு இடத்திலும் ஈடாக வைத்த மார்ஜின் ஒன்றாகச் சேராது. அங்கே ஷார்ட் லாபத்தில் இருக்கும்போதே இங்கே மார்ஜின் போதாமல் எக்ஸ்சேஞ்சே லாங்கை மூடி லிக்விடேட் செய்துவிடலாம். அதனால் லெவரேஜைக் குறைத்து, லிக்விடேஷன் விலையை ஸ்டாப்புக்கு வெகு கீழே வையுங்கள்.