மேற்செலவைக் குறைவாக ஏற்றினால் லாபம் என்ன ஆகும்?

கேள்வி: கடலூரில் லேத் பட்டறை. மணிக்கு 150 ரூபாய் மேற்செலவு ஏற்றுகிறோம். வருடக் கடைசியில் 1,30,000 ரூபாய் ‘குறைவாக ஏற்றியது’ என்கிறார் ஆடிட்டர். இது நஷ்டமா?

பதில்: புது நஷ்டம் இல்லை. ஏற்கெனவே செலவாகி, எந்த வேலையின் அடக்க விலையிலும் ஏறாமல் நின்ற பணம். வேலைவாரிக் கணக்கு அந்த அளவுக்கு லாபத்தைக் கூட்டிக் காட்டியிருக்கிறது.

உதாரணமாக, வாடகை, தேய்மானம், மேற்பார்வையாளர் சம்பளம் என மேற்செலவு எல்லாம் சேர்த்து 12,00,000 ரூபாய், மெஷின் 8,000 மணி ஓடும் என்று திட்டமிட்டிருந்தால் மணிக்கு 150 வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓட்டம் 7,000 மணியாகக் குறைந்தால் 10,50,000 தான் ஏறும். உண்மைச் செலவு 11,80,000 என்றால் மீதி 1,30,000. பிரித்துப் பாருங்கள்: ஓடாத 1,000 மணியால் 1,50,000 குறைந்தது, செலவில் 20,000 மிச்சமானது. ஆக, கோளாறு செலவில் இல்லை, ஓட்டத்தில்.

இதை இருப்புச் சரக்கின் மதிப்பில் ஏற்றிவிடாதீர்கள். ஓடாத மெஷினின் செலவை அந்த வருட லாப நட்டக் கணக்கிலேயே எழுதச் சொல்கிறது கணக்கியல் தரம் 2.

அதிகமாக ஏற்றியிருந்தால் நேர்மாறு: வேலைவாரி லாபம் குறைவாகத் தெரியும், வித்தியாசத்தைத் திரும்பக் கூட்ட வேண்டும். வழக்கத்துக்கு மீறிய உற்பத்தியால் அப்படி ஆனால், இருப்புக்கு 150 போடாமல் வீதத்தைக் குறையுங்கள். இல்லாவிட்டால் சரக்கு அடக்கத்துக்கு மேலே நிற்கும்.