தடைக்காலத்தில் கல்யாண வேலை: கைக்கு எவ்வளவு நிற்கும்?

கேள்வி: நான் பாம்பனில் விசைப்படகுக்குப் போகிறவன். மீன்பிடித் தடைக்காலத்தில் பந்தி பரிமாறப் போனால் ஒரு நேரத்துக்கு 500 ரூபாய், மேடை அலங்காரத்துக்குப் போனால் ஒரு கல்யாணத்துக்கு 1,000 ரூபாய் தருகிறார்கள். கடன் வாங்காமல் ஜூனில் பிள்ளைகளின் பள்ளிச் செலவைச் சமாளிக்க எதற்குப் போகலாம்?

பதில்: பரிமாறும் வேலைக்கே முதலிடம் கொடுங்கள். அலங்காரத்துக்குப் போகிறவர் முந்தைய நாள் மதியமே மண்டபத்துக்குள் நுழைந்து, சட்டம் நிறுத்தி, துணி கட்டி, பூ வேலையை நள்ளிரவுக்குமேல் முடித்து, மறுநாள் கூட்டம் கலைந்த பிறகு எல்லாவற்றையும் பிரித்து வண்டியில் ஏற்றும்வரை அங்கேயே கட்டுண்டு கிடக்கிறார். அதே நேரத்தில் முதல் நாள் இரவு வரவேற்புப் பந்தியும் மறுநாள் முகூர்த்தப் பந்தியும் பரிமாறியவருக்கு அதே 1,000 ரூபாய் கிடைத்துவிடுகிறது.

வித்தியாசம் பணம் வரும் விதத்தில்தான் இருக்கிறது. பரிமாறியவர்களுக்குப் பெரும்பாலும் இலை எடுத்து முடித்ததும் கூலி கொடுத்துவிடுவார்கள். அலங்காரக்காரரோ கல்யாண வீட்டாரிடம் பாக்கி வசூலான பிறகே தருவார். பத்துக் கல்யாணம் என்று வைத்துக்கொள்வோம். பேருந்துக்கும் தேநீருக்கும் கல்யாணத்துக்கு 100 ரூபாய் கழித்தால், பரிமாறியவர் கையில் 9,000 ரூபாய் நிற்கும். அலங்காரத்தில் மூன்று கல்யாணக் கூலி பாக்கி நின்றால், ஜூனில் உங்களிடம் இருப்பது 6,000 ரூபாய்தான். "சீசன் முடியட்டும், மொத்தமாகத் தருகிறேன்" என்ற பேச்சு வந்தால், அடுத்த கல்யாணத்துக்கு முன் பாதியையாவது வாங்கிவிடுங்கள். அவர் பாதியை முன்பணமாகவே தருகிறவர் என்றால் என் கணக்கு மாறும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம் ஏறக்குறைய சித்திரை, வைகாசி என்ற இரு கல்யாண மாதங்களேதான். ஆனாலும் 61 நாளும் வேலை என்று எண்ணாதீர்கள். ஒரே முகூர்த்தத்தில் ஊரெங்கும் கல்யாணம் நடந்தாலும் நீங்கள் ஒரு மண்டபத்தில்தான் நிற்க முடியும்; ஆகவே காலண்டரில் முகூர்த்த நாட்களை மட்டும் எண்ணி வரவைக் கணியுங்கள். கீழக்கரைப் பக்கத்து நிக்காஹ் விருந்துகள் பஞ்சாங்கத்துக்குக் கட்டுப்படாதவை என்பதால், இடைப்பட்ட நாட்களுக்கு அங்குள்ள சமையல் பண்டாரிகளிடம் சொல்லி வையுங்கள்.

இந்தப் பணத்தை நம்பி அஞ்சலகத்தில் மாதாந்திரத் தொடர் வைப்புக் கணக்கு தொடங்க வேண்டாம். தொடர்ந்து நான்கு மாதம் கட்டத் தவறினால் அது நின்றுவிடும். 500 ரூபாயில் தொடங்கும் சாதாரணச் சேமிப்புக் கணக்கு போதும். கூலி வாங்கிய மறுநாளே 700 ரூபாயை அதில் போட்டு வந்தால், பத்துக் கல்யாணத்தில் 7,000 ரூபாய் சேரும். பள்ளிச் செலவு அதற்கு மேல் போனால், அந்தக் குறைக்கு மட்டும் படகு முதலாளியிடம் முன்பணம் கேளுங்கள். முழுத் தொகைக்கும் கேட்டால், தடை நீங்கியதும் கிடைக்கும் பங்கு அதற்கே கழிந்துவிடும்.