இரண்டு மூத்தவர்கள், ஒரே வரைவு: கேள்வி பதில்

அறிக்கைகளையும் ஆய்வுக் கட்டுரைகளையும் செம்மைப்படுத்துவது என் தொழில். ஒரே வரைவுக்கு இரு மூத்தவர்கள் முரணான திருத்தங்கள் தரும் நிலை குறித்த கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதிலளிக்கிறேன்.

அறிக்கைக்காரர்: பில்லிங் மென்பொருளை மாற்றலாமா என்பது பற்றி நிர்வாகக் குழுவுக்கு 14 பக்க அறிக்கை எழுதினேன். நிதித் தலைவர் பரிந்துரையை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்து 4 பக்கமாகக் குறைக்கச் சொல்கிறார். தொழில்நுட்பத் தலைவர் சோதனை விவரத்தை விரித்து, பரிந்துரையை மென்மையாக்கச் சொல்கிறார். 8 பக்கமாக்கினேன். இருவருக்குமே பிடிக்கவில்லை.

நீங்கள் ஒட்டியிருக்கும் திருத்திய பரிந்துரை இது: "புதிய மென்பொருளுக்கு மாறுவது பொருத்தமானது, எனினும் மேலும் ஆய்வு செய்தபின் முடிவெடுப்பது நல்லது." இதன் முதற்பாதி நிதித் தலைவருக்காகவும் பிற்பாதி தொழில்நுட்பத் தலைவருக்காகவும் எழுதப்பட்டிருக்கிறது, வாங்குவதற்குக் கையெழுத்திட வேண்டிய குழுவுக்காக இதில் ஒரு சொல்கூட இல்லை.

மூத்தவர் எழுதும் ஒவ்வொரு ஓரக்குறிப்பிலும் ஒரு குறையும், அதற்கு அவர் சொல்லும் ஒரு மருந்தும் கலந்திருக்கும். பெரும்பாலும் மோதுபவை மருந்துகளே. குறைகள் அருகருகே நிம்மதியாக இருக்கக்கூடியவை. நிதித் தலைவரின் குறை, தன்னிடம் என்ன கேட்கப்படுகிறது என்பது ஒன்பதாம் பக்கம் வரை தெரியவில்லை என்பதுதான். தொழில்நுட்பத் தலைவரின் குறை என்னவென்று அவருடைய குறிப்பிலிருந்து தெரியவில்லை. ஆகவே அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தப் பரிந்துரையை இப்படியே அனுப்பினால் எது தவறாகப் போகும் என்று கருதுகிறீர்கள்?"

அறிக்கைக்காரர்: கேட்டேன். சோதனைகள் எல்லாம் மாத நடுவில் நடந்தவை, பில்கள் குவியும் மாத இறுதியில் ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்கவில்லை என்றார்.

அப்படியானால் அவருக்குத் தேவைப்படுவது மென்மையன்று, ஒரு நிபந்தனை. இப்படி எழுதிப் பாருங்கள்: "புதிய மென்பொருளுக்கு மாறப் பரிந்துரைக்கிறோம். மாத இறுதிப் பணிச்சுமையில் அது சோதிக்கப்படவில்லை. ஆகவே ஒரு மாத இறுதியில் இரண்டு மென்பொருள்களையும் இணையாக ஓட்டி, பில் தொகைகள் ஒத்துப்போன பிறகே பழையதை நிறுத்த வேண்டும்." பரிந்துரை உறுதியாகவே நிற்கிறது, ஐயம் வரைவு முழுவதும் பரவாமல் தனக்குரிய இடத்தில் அடங்கிவிடுகிறது. சோதனை விவரங்களை எவ்வளவு வேண்டுமானாலும் விரித்துப் பின்னிணைப்பில் வையுங்கள். குழு 4 பக்கங்களைப் படிக்கும், பொறியாளர்கள் பின்னிணைப்பைப் படிப்பார்கள். 8 பக்கம் என்பது இவர்களில் எவருக்கும் உரிய அளவு அன்று.

பிறகு இருவருக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்புங்கள். எந்தக் குறிப்பை எப்படி ஏற்றீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன், மறுப்பு இருந்தால் எந்த நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பவை அதில் இருக்கட்டும். எக்காரணம் கொண்டும் ஆளுக்கொரு பிரதியை அனுப்பாதீர்கள்.

நடைமுறைவாதி: இவ்வளவு எதற்கு? இருவரில் பதவியில் பெரியவர் சொல்வதைச் செய்துவிட்டால் போயிற்று.

முடிவெடுக்க ஒருவர் வேண்டும் என்பது வரையில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் அந்த ஒருவர், ஆவணத்தில் கையெழுத்திட்டு அதன் விளைவுக்குப் பொறுப்பேற்பவர். அவர் இந்த இருவரில் ஒருவராக இல்லாமலும் இருக்கலாம். மேற்கண்ட அறிக்கையில் பதவியைப் பார்த்துத் தொழில்நுட்பத் தலைவரை ஒதுக்கியிருந்தால், மாத இறுதிச் சிக்கல் குழுவின் கண்ணுக்கே வந்திருக்காது.

புதிய ஆய்வாளர்: என் கட்டுரை ஆய்விதழிலிருந்து திருத்தத்துக்கு வந்திருக்கிறது. முதல் மதிப்பாய்வாளர் இரண்டாவது சோதனையை நீக்கச் சொல்கிறார்; இரண்டாமவர் அதையே விரிவாக்கச் சொல்கிறார்.

பதிப்பாசிரியரின் முடிவுக் கடிதத்தை முதலில் படியுங்கள். மதிப்பாய்வாளர்கள் ஆலோசனை சொல்பவர்கள், முடிவு பதிப்பாசிரியருடையது. எந்தக் குறிப்பு முக்கியம் என்பதை அவர் தம் கடிதத்திலேயே சொல்லியிருக்கக்கூடும். சொல்லவில்லையென்றால், திருத்தத் தொடங்குமுன் நீங்கள் எந்த வழியை விரும்புகிறீர்கள், ஏன் என்பதைச் சில வரிகளில் எழுதி அவருடைய கருத்தைக் கேளுங்கள். எதைச் செய்யட்டும் என்று வெறுமனே கேட்டால் பயனுள்ள பதில் கிடைப்பது அரிது. மறுமொழிக் கடிதத்தில் முதலாமவரின் குறிப்புக்குக் கீழேயே, இரண்டாமவர் எதிர்மாறாகக் கேட்டிருப்பதையும் நீங்கள் தேர்ந்ததையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். பல இதழ்களில் ஒருவரின் மதிப்பாய்வை மற்றவரும் பார்ப்பதால், மறைப்பதில் பயனில்லை.

அலுவலர்: இரண்டு மேலதிகாரிகள் முரணாகச் சொன்னால் யார் சொல்வதைக் கேட்பது?

நடைமுறைவாதிக்குத் தந்த பதிலைப் பாருங்கள்.

மொழி ஆர்வலர்: ஒருவர் ஒற்று மிகும் என்கிறார், மற்றவர் மிகாது என்கிறார். எது சரி?

இது இலக்கணக் கேள்வி. இலக்கண நூலிலோ உங்கள் நிறுவனத்தின் நடைக் கையேட்டிலோ பார்த்து, வரைவு முழுவதும் ஒரே மாதிரி எழுதுங்கள்.

கூட்டப்பிரியர்: மின்னஞ்சல் எல்லாம் வீண். இருவரையும் ஓர் அறையில் உட்கார வைத்தால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

முடிந்ததுபோலத் தோன்றும். இளையவர் முன்னிலையில் இரு மூத்தவர்களும் மரியாதைக்காக விட்டுக்கொடுப்பார்கள். அடுத்த சுற்றில் அதே குறிப்பு மீண்டும் ஓரத்தில் முளைக்கும்.

கூட்டப்பிரியர்: எழுத்தில் கேட்டால்தான் நிலைப்பாடு இறுகும். எழுதியதை யாரும் திரும்பப் பெறுவதில்லை. பேச்சில் "சரி, விடுங்கள்" என்று இறங்கி வருவார்கள்.

மேலிடத்துக்கு நகல் போட்டு இருவரும் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருக்கும் நிலையில் இது உண்மை. அப்போது பேசுவதே நல்லது. ஆனால் திறந்த கேள்வியோடு கூட்டத்துக்குப் போனால், "இரண்டையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்ற தீர்ப்போடுதான் திரும்புவீர்கள். சர்ச்சைக்குரிய பத்தியை இரண்டு விதமாக முழுமையாக எழுதி, ஒரே தாளில் எடுத்துச் செல்லுங்கள். எதைத் தேர்ந்தார்கள் என்பதை அன்றே எழுதி அனுப்புங்கள்.

பார்வையாளர்: எங்கள் மூத்தவர்கள் இருவரும் பல ஆண்டுகளாகப் பேசிக்கொள்வதே இல்லை. இவர்களை எந்த அறையில் உட்கார வைப்பது?

உட்கார வைக்காதீர்கள். அங்கே வரைவு வெறும் சாக்கு. தூது போகாமல், இரண்டு பத்திகளையும் கையெழுத்திடுபவரிடம் நேரே கொண்டு செல்லுங்கள்.

கூட்டப்பிரியர்: நான் இன்னும் கூட்டத்தின் பக்கம்தான்.

தாராளமாக. அந்தத் தாளை மட்டும் மறக்க வேண்டாம்.

முனைவர் பட்ட மாணவி: நெறியாளர் ஒரு கோட்பாட்டையும் இணை நெறியாளர் அதற்கு எதிரான கோட்பாட்டையும் அடித்தளமாக வைக்கச் சொல்கிறார்கள். இங்கே குறைகளும் மோதுகின்றன.

ஆம், குறையையும் மருந்தையும் பிரிப்பதால் இது தீராது. ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். உங்கள் தரவு எதைத் தாங்குகிறதோ அதைத் தேருங்கள். மற்றதை இயல்தோறும் தூவாமல், ஒரே பகுதியில் மாற்று விளக்கமாக வலுவாக எடுத்துரைத்து, அது எங்கே பொருந்தவில்லை என்று காட்டுங்கள். அதன் பிறகும் இணை நெறியாளர் கையெழுத்திட மறுத்தால் அது விதிமுறைச் சிக்கல். துறையில்தான் கேட்க வேண்டும்.

சரிபார்ப்பவர்: என் வரைவு குழம்பிவிட்டதா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் மட்டும் படியுங்கள். இரண்டும் ஒரே ஆளிடம் ஒரே செயலைக் கேட்கின்றனவா? அடுத்து, பரிந்துரைப் பகுதியில் "எனினும்", "அதே வேளையில்" என்று வரும் இடங்களைக் குறியுங்கள். அந்தச் சொல்லுக்குப் பின் வருவது ஒரு நிபந்தனையாக இல்லாமல் வெறும் தயக்கமாக இருந்தால், அது யாரையோ சமாதானப்படுத்த எழுதப்பட்ட வரி. கடைசியாக, வரைவை முன்பு பார்த்திராத ஒருவரிடம் கொடுத்து, இது என்ன செய்யச் சொல்கிறது என்று கேளுங்கள்.

அலுவலர்: ஆளுக்கொரு பிரதி தயாரித்து அனுப்பினால் இருவருமே மகிழ்வார்களே?

அறிக்கைக்காரருக்குத் தந்த பதிலிலேயே கூடாது என்று எழுதியிருக்கிறேன். இருவரும் தத்தம் பிரதியில் மேலும் திருத்துவார்கள். பிறகு இரண்டையும் நீங்கள் ஒன்றாகத் தைக்க வேண்டியிருக்கும். அதற்குள் இரண்டில் ஒன்று கையெழுத்துக்குப் போய்விடும். எது போனது என்பது உங்களுக்கே தெரியாது.