கடவுளிடம் ‘நீங்கள்’ வேண்டாம்

கேள்வி: மலையாள நவநாள் ஜெபம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அதில் கடவுளை ‘அங்ஙு’ என்று அழைக்கிறார்கள். ‘நீர்’ என்று போட்டால், நம்ம ஊரில் சேக்காளியிடம் ‘எங்க போறீரு’ என்று கேட்பது போல இருக்கிறது. மரியாதைக்கு ‘நீங்கள்’ என்று மாற்றிவிடலாமா?
– வாசகர், விளவங்கோடு

பதில்: மாற்ற வேண்டாம். ‘நீங்கள்’ ஒருவருக்கும் வரும், ஊருக்கும் வரும். திருப்பலியில் குருவானவர் மக்களைப் பார்த்து ‘ஆண்டவர் உங்களோடு இருப்பாராக’ என்கிறார். அப்புறம் கடவுளிடம் திரும்பும்போது ‘உம்மை’ என்கிறார். யாரிடம் பேசுகிறார் என்று காட்டுவது இந்த வித்தியாசம்தான். அதை அழித்துவிட்டு ‘உங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றுங்கள்’ என்று வாசித்தால், அது ஜெபமா, பெற்றோருக்குச் சொல்லும் புத்திமதியா என்று பின்வரிசையில் இருப்பவர் திகைப்பார்.

‘நீரு’ பற்றிய உங்கள் கூச்சம் புரிகிறது. ‘நீர்’ பழந்தமிழில் பன்மைச் சொல். பிறகு ஒருவரை மதித்துச் சொல்லும் சொல்லானது. ‘நீங்கள்’ அந்த இடத்தைப் பிடித்ததும், நெல்லையிலும் நாஞ்சில் நாட்டிலும் சமவயதுக்காரர் பேச்சில் தங்கிவிட்டது. ஜெபத்திலோ பழைய மதிப்பு அப்படியே நின்றது. ‘பெண்களுக்குள் ஆசி பெற்றவர் நீரே’ என்று மாதாவிடம் சொல்லும்போது கோட்டாற்றில் யாருக்கும் தெருப்பேச்சு நினைவுக்கு வருவதில்லை.

அந்த வரியை இன்னொரு தடவை பாருங்கள். ‘நீரே’ என்பதோடு ‘பெற்றவர்’ என்பதும் சேர்ந்தே வருகிறது. உங்கள் வேலையில் உண்மையான கண்ணி இங்கேதான் இருக்கிறது. மலையாள வினை ஆளைக் காட்டாது. ‘சிருஷ்டிச்சு’ என்பது ஞான் என்றாலும், நீ என்றாலும், அங்ஙு என்றாலும் ஒன்றுதான். தமிழில் முற்றுவினை ஒவ்வொன்றிலும் நீங்கள் முடிவெடுத்தாக வேண்டும். நான் பிழை திருத்திய ஒரு கையேட்டில் ‘நீர் எங்களைப் படைத்தாய், காத்தீர்கள்’ என்று ஒரே வரியில் மூன்று மரியாதைகள் இருந்தன. பெயரை மட்டும் கவனித்து வினையை விட்டுவிட்டால் இப்படித்தான் ஆகும். ‘நீர்’ என்று தொடங்கினால் படைத்தீர், காக்கிறீர், தருவீர் என்றே போக வேண்டும். உம்மை, உமக்கு, உம்மால் என்றே வர வேண்டும். விளி ‘ஆண்டவரே’தான், ‘ஆண்டவனே’ என்று அழைத்துவிட்டு ‘நீர்’ என்பது ஒட்டாது.

எல்லாவற்றையும் ‘-ஈர்’ என்று முடித்தால் காதில் இடிக்கிறதே என்பீர்கள். மூலத்தில் ‘அங்ஙு ஞங்ஙளெ சிருஷ்டிச்சு, காத்து, புத்ரனெ நல்கி’ என்பது போல ஒரு வரி வந்தால் மூன்று முற்றுகளை அடுக்காதீர்கள். ‘நீர் எங்களைப் படைத்து, காத்து, உம் மகனையும் தந்தீர்’ என்று எழுதுங்கள். மரியாதை கடைசி வினையில் ஒரு தடவை வந்தால் போதும்.

இன்னொரு இடம் ‘-ணமே’. ‘தரணமே’, ‘வரணமே’ இரண்டும் மலையாளத்தில் ஒரே அச்சு. தமிழில் வினை யாருடையது என்று பார்க்க வேண்டும். ‘தரணமே’ என்பதில் தருபவர் கடவுள், ஆகவே ‘தாரும்’. ‘அங்ஙயுடெ ராஜ்யம் வரணமே’ என்பதில் வருவது ராஜ்யம். ‘உமது ராஜ்யம் வாரும்’ என்று எழுதினால் ராஜ்யத்தையே கூப்பிட்டதாகிவிடும். ‘உமது ராஜ்யம் வருவதாக’ அல்லது ‘வருக’ என்பதுதான் சரி. எதிர்மறை ஏவலில் ‘கைவிடாதேயும்’ என்று எழுதுங்கள். ‘கைவிடாதே’ என்று நிறுத்தினால் அது ‘நீ’க்கு உரியதாகிவிடும்.

‘நீ’ என்பது மரியாதைக் குறைவு என்றும் எண்ணிவிடாதீர்கள். மண்டைக்காட்டு அம்மனிடம் ‘நீயே துணை’ என்பவர் பெற்ற தாயிடம் பேசுவது போலப் பேசுகிறார். தக்கலையில் ஒரு முஸ்லிம் ‘அல்லாஹ் நாடினான்’ என்பார். நபியைச் சொல்லும்போது ‘அவர்கள்’ என்பார். இறைவன் ஒருவனே என்பதால் அங்கே ஒருமை, மனிதருக்கு மதிப்புப் பன்மை. ஒவ்வொரு வழிபாட்டுக்கும் அதன் வழக்கம் உண்டு. மலையாளத்திலேயே கர்த்தர் கற்பித்த ஜெபம் கத்தோலிக்கர் வாயில் ‘அங்ஙயுடெ நாமம்’, புரொட்டஸ்டண்ட் வேதாகமத்தில் ‘நின்றெ நாமம்’. இரண்டையுமே தமிழ் கிறிஸ்தவ உரைநடை ‘உம்’ என்றுதான் கொள்ளும். ஆகவே ‘அங்ஙு’ என்ற சொல்லின் உயரத்தை அளந்துகொண்டிருக்காதீர்கள். உங்கள் ஜெபத்தை வாசிக்கப்போகும் சபையின் வழக்கத்தைப் பாருங்கள்.

நவநாளின் முடிவில் பாட்டு ஏதும் இருந்தால், அதில் மட்டும் ‘நீ’ வரலாம். தமிழ்ப் பாட்டுக்கு அந்த உரிமை எப்போதும் உண்டு. ஆனால் பல்லவியில் ‘நீ’ என்று எடுத்தால் கடைசிச் சரணம் வரைக்கும் ‘உன்’தான், மெட்டுக்கு ஓர் அசை குறைகிறதே என்று நடுவில் ‘தா’வைத் ‘தாரும்’ ஆக்காதீர்கள்.